வயித்தோட்டம் நிண்டு எத்தினை மணித்தியாலத்துக்குப் பிறகு கிச்சனுக்கு வரலாம்?

கல்லடிப் பக்கம் ஒரு சின்ன சோத்துக் கடையில மூண்டு வருசமா கணக்கும் ஆள் பாக்கிற வேலையும் என்ர தலையில. பகல் பார்சல்தான் எங்கட மெயின் யாவாரம், இரவுக்கு இடியப்பம், கொத்து. மொத்தம் ஆறு பேர் வேலை. சுகமில்லாத ஆளை எத்தினை நாளைக்கு வேலைக்கு எடுக்கக்கூடாது எண்டதில எங்கட கடையில மட்டுமில்ல, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பத்து எண்டு நான் கதைச்ச கடைக்காரர் எல்லாரிட்டயும் ஒரே குழப்பம்தான். "ரெண்டு நாள் லீவு" எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த ரெண்டு நாளை எங்க இருந்து எண்ணத் தொடங்கிறது எண்டு கேட்டா ஆளுக்கொரு பதில் வருது. பிழை நடக்கிற இடம் அதுதான்.

முதல்ல விதி. பிரிட்டன்ட உணவுப் பாதுகாப்பு நிறுவனம் சாப்பாட்டு வேலை செய்யிற ஆக்களுக்குச் சொல்றது, சத்தியோ வயித்தோட்டமோ இருந்தா வேலையில நிக்கக்கூடாது, கடைசி அறிகுறி தானா நிண்டு 48 மணித்தியாலம் போன பிறகுதான் திரும்ப வரலாம் எண்டு. அமெரிக்காவில உணவுக் கோவை எண்டு ஒண்டு இருக்கு, அதில காரணம் தெரியாத சத்தி, வயித்தோட்டத்துக்கு 24 மணித்தியாலம், சத்தியும் வயித்தோட்டமும் வர வைக்கிற நோரோவைரஸ் எண்ட கிருமிதான் எண்டு உறுதியானா 48. எங்கட நாட்டில 1980 ஆம் ஆண்டு 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதுக்குக் கீழ வந்த சுகாதார ஒழுங்குவிதிகளும் இருக்கு, தொற்றுநோய் உள்ள ஆள் சாப்பாட்டில கை வைக்கக்கூடாது எண்டதுதான் அதின்ட சாரம், பாக்கிறதுக்கு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., இருக்கிறார். இதில நான் 48ஐத்தான் எடுக்கிறன். ஏனெண்டா இஞ்ச ஒரு கடைப் பொடியனுக்கு வயித்தால போனா ஆரும் மலத்தை லாபுக்கு அனுப்பி நோரோவா இல்லையா எண்டு பாக்கிறதில்ல, அப்படி இருக்கேக்க 24 எண்ட சலுகையை எடுக்கிறதுக்கு எங்களிட்ட எந்த ஆதாரமும் இல்ல.

சரி, இப்ப போன வருசம் எங்கட கடையில நடந்ததைச் சொல்றன், மணிக்கணக்கோட.

சம்பல் போடுற, மரக்கறி வெட்டுற தம்பி ஒருத்தன், சேர்ந்து எட்டு மாசம். ஞாயித்துக்கிழமை இரவு ஒன்பதரைக்கு கடை மூடப்போற நேரம் திடீரெண்டு ஆள் பின்னால ஓடி ஸ்டாஃப் டொய்லட்டில சத்தி எடுத்தான். பகல் முழுக்க நல்லாத்தான் நிண்டவன். விடியிறதுக்குள்ள அஞ்சாறு தரம் சத்தி, அதோட தண்ணியா வயித்தாலயும் போகுது. திங்கள் பின்னேரம் தாங்கேலாம பார்மசிக்குப் போய் வயித்தோட்டம் நிப்பாட்டுற குளிசை வாங்கிப் போட்டிருக்கிறான், லொபரமைட். செவ்வாய் காலம்புற ஏழு மணிக்கு எனக்கு கோல்: "அண்ண, இப்ப ஓகே, இரவில இருந்து ஒருக்காலும் போகல்ல, நாளைக்கு வாறன்."

முதலாளி பக்கத்தில நிண்டவர், அவர் விரல் மடிச்சு எண்ணினார். ஞாயிறு இரவு வருத்தம் வந்தது, திங்கள் ஒண்டு, செவ்வாய் ரெண்டு, புதன் வரட்டும். கணக்கு நல்லாத்தான் கேக்குது, ஆனா ரெண்டு இடத்தில பிழை. ஒண்டு, அவர் வருத்தம் தொடங்கின நேரத்தில இருந்து எண்ணுறார், விதி சொல்றது முடிஞ்ச நேரத்தில இருந்து. மற்றது, "இரவில இருந்து போகல்ல" எண்டதுக்குக் காரணம் குளிசை. லொபரமைட் கிருமியைக் கொல்றதில்ல, குடல் தள்ளுறதைத்தான் மெதுவாக்குது. உள்ள வைரஸ் அப்படியே இருக்கும், வெளிய வாறதைத்தான் கொஞ்ச நேரம் பூட்டி வச்சிருக்கு. அதின்ட தாக்கம் முழுசாப் போறதுக்கு ஒரு நாளுக்கு மேலயும் எடுக்கும். அதாலதான் அந்த பிரிட்டன் விதியில "தானா நிண்டு" எண்டு ஒரு சொல்லைப் போட்டிருக்கிறாங்க. குளிசை போட்டு நிண்டது நிண்டதா எண்ணப்படாது, குளிசையை விட்ட பிறகும் போகாம இருக்குதா எண்டு பாத்துத்தான் மணிக்கூட்டைத் தொடங்கலாம்.

நான் தம்பிட்ட சொன்னன், இனி அந்தக் குளிசையைப் போடாத, ஜீவனியைக் கரைச்சுக் குடி, ஒவ்வொரு தரம் போன நேரத்தையும் ஃபோனில எழுதி வை எண்டு. எதிர்பார்த்த மாதிரியே செவ்வாய் பின்னேரம் நாலு மணிக்குத் திரும்ப இளக்கமாப் போச்சு, இரவு ஒன்பது மணிக்கு இன்னொரு தரம். அதுதான் கடைசி. அப்ப மணிக்கூடு தொடங்கிறது செவ்வாய் இரவு ஒன்பது. 48 மணித்தியாலம் முடியிறது வியாழன் இரவு ஒன்பது. ஆள் வேலைக்கு வந்தது வெள்ளி காலம்புற அஞ்சரை. முதலாளியின்ட கணக்குக்கும் இதுக்கும் இடையில முழுசா ரெண்டு நாள் வித்தியாசம், அந்த ரெண்டு நாளும் அவன் சம்பலுக்குள்ள கை விட்டுப் பிசைஞ்சிருப்பான்.

ஏன் 48? இதை ஆரோ மேசையில இருந்து யோசிச்சுப் போட்ட நம்பர் எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கிறாங்க, ஓரளவுக்கு அது உண்மையும்தான், இது ஒரு சமரசம். நோரோவைரஸ் உடம்புக்குள்ள போய் 12 இல இருந்து 48 மணித்தியாலத்தில வருத்தம் காட்டும், ஒண்டு தொடக்கம் மூண்டு நாளில ஆள் எழும்பிரும். ஆனா மலத்தோட வைரஸ் வாறது ரெண்டு கிழமை வரைக்கும், சிலருக்கு அதுக்கு மேலயும் போகும். முழுசா நிக்கிற வரைக்கும் வீட்டில இரு எண்டா ஒரு கடையும் ஓடாது. அதால பாக்கிறது என்னெண்டா, எந்த நேரத்தில ஆபத்து கூட எண்டதை. தண்ணியாப் போற நேரத்திலயும் சத்தி எடுக்கிற நேரத்திலயும்தான் வைரஸ் ஆகக் கூடின அளவில வெளிய வருது, அதோட தண்ணி தெறிக்கும், கையில படும், கதவுப் பிடியில, டப்பில, ஃப்ளஷில எல்லாம் படும், ஆளுக்கு அவசரத்தில ஒழுங்காக் கை கழுவவும் நேரமில்ல. மலம் கட்டியாகி ரெண்டு நாள் போனா வைரஸ் குறைஞ்சிருக்கும், தெறிக்கிறதும் இல்ல, சவுக்காரம் போட்டுக் கழுவினா கையில மிஞ்சிறது மிச்சம் குறைவு. 48 மணித்தியாலம் எண்டது கிருமி தீர்ந்து போச்சு எண்ட சேர்டிபிகட் இல்ல, கை கழுவினாச் சமாளிக்கலாம் எண்ட அளவுக்கு இறங்கியிட்டுது எண்டு அர்த்தம். இதை விளங்காம, "48 போயிட்டுது, இனி நான் கிளீன்" எண்டு நினைச்சு வாற ஆள்தான் எனக்குப் பயம்.

கை கழுவுறதில இன்னொரு பொறி. கொரோனாவுக்குப் பிறகு எல்லாக் கடையிலயும் ஒரு சனிட்டைசர் போத்தல் தொங்குது. நோரோவைரஸுக்கு அது சரியா வேலை செய்யாது. கொரோனா வைரஸ் மாதிரி இதுக்குக் கொழுப்பு உறை இல்ல, அதால அல்கஹோல் லேசில உடைக்காது. ஓடுற தண்ணியும் சவுக்காரமும்தான், விரல் இடுக்கு நகம் எல்லாம் தேய்ச்சு.

இப்ப ஒரு விசயம், இது எங்கட ஊர்ச் சாப்பாட்டோட சேர்த்து யோசிக்க வேண்டியது. நாங்க எல்லாரும் "குக்"குக்குச் சுகமில்ல எண்டாத்தான் பதறுவம். ஆனா கறி கொதிச்சா, கொதிக்கிறதுக்கு முதல் கையில இருந்து விழுந்தது பெரும்பாலும் அடுப்பிலயே செத்துரும். ஆபத்து அடுப்புக்குப் பிறகு கை படுற இடத்தில. தேங்காய்ச் சம்பல் வெறுங்கையால பிசையிறது, வெங்காயம் தக்காளிச் சலாது, அவிச்ச இடியப்பத்தைத் தட்டில இருந்து கையால பிரிச்சு அடுக்கிறது, லஞ்ச் ஷீட்டை விரல்ல எச்சில் தொட்டு விரிக்கிறது (இண்டைக்கும் செய்யிறாங்க, கண்ணால பாத்தது), பொரியலைக் கையால அள்ளிப் பார்சலில வைக்கிறது. ஒரு 150 பார்சல் போற கடையில குக் தொடுறது சட்டியை, பார்சல் கட்டுற ஆள் தொடுறது 150 பேர்ட சோத்தை. நோரோவைரஸ் ஒருத்தருக்கு வருத்தம் வர வைக்க இருபது வைரஸுக்குக் குறைவாவே காணும் எண்டு ஒரு கணிப்பு இருக்கு, ஒரு நகத்துக்கு உள்ள அதை விட எத்தினையோ மடங்கு நிக்கலாம். கொதிக்கப் போகாத சாப்பாட்டில கையுறை இல்லாம, கரண்டி இல்லாம கை படுற வேலை எதுவோ, அந்த வேலைக்காரருக்குத்தான் விதியை ஆக இறுக்கமாப் பாக்க வேணும். தம்பி வெள்ளிக்கிழமை வந்த உடனே அவனைச் சம்பலுக்கு விடல்ல. ஒரு கிழமைக்கு அரிசி கழுவுறது, அடுப்பில கறி எண்டு மாத்திப் போட்டம். இது விதியில இல்ல, எங்கட சொந்த ஏற்பாடு, ரெண்டு கிழமை வரைக்கும் வைரஸ் வாற கதையை யோசிச்சுச் செய்தது.

இதை மறு பக்கமாவும் பிழையா விளங்கிற ஆக்கள் இருக்கு. "சரி, சமைக்க வேணாம், வந்து கோப்பை கழுவட்டும், மேசை துடைக்கட்டும்." வருத்தம் இருக்கிற நாளில, 48க்குள்ள, அதுவும் கூடாது. அவன் கழுவின கோப்பையிலதான் சாப்பாடு போடுறது, அவன் போற டொய்லட்டுக்குத்தான் மற்ற அஞ்சு பேரும் போறது. வேலை மாத்திக் குடுக்கிறது திரும்பி வந்த பிறகு செய்யிற வேலை. வருத்தத்தோட நிக்கிற ஆளுக்கு வேற வேலை எண்டு ஒண்டு கடைக்குள்ள இல்ல.

டொய்லட் எண்டு சொன்னன்தானே, எங்கட பிழை அங்கதான் நடந்தது. ஞாயிறு இரவு அவன் சத்தி எடுத்த இடத்தை ஆரோ வாசத் தண்ணி ஊத்தி அடிச்சுக் கழுவிப் போட்டுப் போயிட்டாங்க. மணம் போச்சு, வைரஸ் போகல்ல. செவ்வாய்க்கிழமை பகல் ரெண்டு மணி மாதிரி பார்சல் கட்டுற அக்கா, "தம்பி, எனக்கு ஓங்காளிக்குது, தலை சுத்துது" எண்டாங்க. ஞாயிறு இரவில இருந்து எண்ணிப் பாருங்க, நாப்பது மணித்தியாலம், அந்த 12 தொடக்கம் 48க்கு உள்ள அச்சாவா விழுகுது. டெஸ்ட் ஒண்டும் எடுக்காம நோரோ எண்டு சத்தியம் பண்ண ஏலாது, ஆனா திடீர்ச் சத்தி, ரெண்டு நாளில முடியிறது, ஒண்டரை நாள் கழிச்சு அடுத்த ஆள் விழுறது, இந்தப் போக்கு அதுக்குத்தான் பொருந்துது. அக்காவை அந்த நிமிசமே வீட்ட அனுப்பினம். அவங்க காலம்புற பிசைஞ்ச சம்பல் பாதி மிச்சம் இருந்தது, அதைக் கொட்டினம், முதலாளி முகம் கறுத்துப் போச்சு. சத்தி இன்னும் வரல்லயே, ஓங்காளிப்புத்தானே எண்டார். அறிகுறி வெளிய தெரியிறதுக்குக் கொஞ்சம் முதலே வைரஸ் வரத் தொடங்கிரும், அதால ஓங்காளிப்பு வந்த நேரம் எண்டது ஏற்கனவே பிந்தின நேரம்.

பிறகு டொய்லட்டை முறையாச் செய்தம். குளோரின் பிளீச் 5 வீதம் எண்டு போத்தலில போட்டிருந்தா, அதில 20 மில்லியை ஒரு லீற்றர் தண்ணிக்குக் கலந்தா 1000 பிபிஎம் வரும், சத்திக்கு ஆகக் குறைஞ்சது அந்த அளவு வேணும். முதல்ல கையுறை போட்டு, பேப்பரால அள்ளி எடுத்துப் பையில கட்டி எறியோணும், சவுக்காரத் தண்ணியால கழுவோணும், அதுக்குப் பிறகுதான் பிளீச், ஊத்தி அஞ்சு நிமிசமாவது விடோணும். அழுக்குக்கு மேலயே பிளீச் ஊத்தினா அழுக்கே பிளீச்சைச் சாப்பிட்டிரும். ஹார்பிக் மாதிரி அசிட் சாமானோட பிளீச்சைக் கலக்கவே கூடாது, விசவாயு வரும். கதவுப் பிடி, டப், லைட் சுவிச்சையும் மறக்காம துடைக்கோணும். சத்தி கிச்சனுக்குள்ள நடந்திருந்தா, சுத்தி ஏழெட்டு மீற்றருக்குள்ள மூடாம இருந்த சாப்பாடு எல்லாம் குப்பைதான்.

48 மணித்தியாலம் காணாத வருத்தங்களும் இருக்கு, இதை முதலாளிமார் கட்டாயம் தெரிஞ்சிருக்கோணும். மலத்தோட ரத்தம் இல்லாட்டிச் சளி வந்தா, அது வயித்துளைவா இருக்கலாம். காய்ச்சல் ஒரு கிழமையாக் குறையாம நிண்டா நெருப்புக்காய்ச்சலா இருக்கலாம். கண் மஞ்சளாகி சலம் தேயிலைச் சாயம் மாதிரிப் போனா செங்கமாரி. இந்த மூண்டுக்கும் கடையில இருந்து எண்ணுற கணக்கு இல்ல, டொக்டரும் எம்.ஓ.எச். எண்ட சுகாதார வைத்திய அதிகாரியின்ட ஒபிஸும்தான் எப்ப வரலாம் எண்டு சொல்லோணும். எங்கட நாட்டில இந்த மூண்டும், உணவு நஞ்சாதலும், அறிவிக்க வேண்டிய நோய் லிஸ்டில இருக்கு, ஆஸ்பத்திரியில பிடிபட்டா எம்.ஓ.எச்.க்குத் தகவல் போகும், பி.எச்.ஐ. வீட்டுக்கும் கடைக்கும் வருவார். அவர் வாறதை ஆரோ காட்டிக் குடுத்திட்டாங்க எண்டு நினைக்கிறது பிழை, அது நடைமுறை.

செங்கமாரியில, நான் சொல்றது சாப்பாட்டால பரவிற ஹெப்படைட்டிஸ் ஏ, ஆள் ஆகக் கூடத் தொத்த வைக்கிறது கண் மஞ்சளாகிறதுக்கு முந்தின ரெண்டு கிழமை. அதாவது அவன் எங்களிட்ட நல்லா வேலை செய்த நாள்கள். மஞ்சள் தெரிஞ்ச நாளில இருந்து ஏழு நாளைக்காவது வேலை இல்ல எண்டது பிரிட்டன், அமெரிக்கா மாதிரி நாடுகளில உள்ள விதி, ஆனா அதை விட முக்கியம் கூட வேலை செய்த ஆக்களை எம்.ஓ.எச்.க்குச் சொல்றது. நெருப்புக்காய்ச்சல் இன்னும் சிக்கல். குளிசை முடிஞ்சு, காய்ச்சல் போய், ஆள் மரக்குத்தி மாதிரி நல்லா நிண்டாலும் நூத்துக்கு ஒண்டு ரெண்டு மூண்டு பேருக்குப் பித்தப்பையில கிருமி தங்கியிரும், வருசக்கணக்கா மலத்தோட வரும். நியூயோர்க்கில மேரி மாலன் எண்ட சமையல்காரி அப்படித்தான், 1907 இல கண்டுபிடிச்சுத் தனியா அடைச்சு, 1910 இல இனிச் சமைக்கமாட்டன் எண்டு சொல்ல விட்டாங்க, அவ பேரை மாத்திக்கொண்டு திரும்பச் சமைச்சு, 1915 இல ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில நெருப்புக்காய்ச்சல் பரவின இடத்தில பிடிபட்டா. 1938 இல சாகிற வரைக்கும் வெளிய விடல்ல. அவவுக்கு ஒரு நாளும் வருத்தமே தெரியல்ல. அதாலதான் இந்த நோய்க்கு "சுகமாயிட்டன்" எண்ட சொல் காணாது, மலத்தைப் பல தரம் கல்ச்சருக்குக் குடுத்து ஒவ்வொண்டிலயும் கிருமி இல்ல எண்டு வர வேணும். ஒரு தரம் இல்ல எண்டு வந்தாக் காணாது, கிருமி விட்டு விட்டு வாறது.

மேரி திரும்பச் சமைக்கப் போனதுக்குக் காரணம் பிடிவாதம் மட்டும் இல்ல. சலவை வேலையில சம்பளம் குறைவு, சமையலில அதை விடக் கூட. எங்கட தம்பி செவ்வாய் காலம்புற கோல் எடுத்ததும் அதே காரணத்துக்குத்தான், வாய் விட்டுச் சொல்லாட்டியும். அமெரிக்காவில 2017 தொடக்கம் 2019 வரைக்கும் ரெஸ்டோரண்டுகளில நடந்த 800 நோய்ப் பரவலைப் பாத்திருக்கிறாங்க, காரணம் தெரிஞ்சதில பத்துக்கு நாலில வருத்தத்தோட நிண்ட வேலைக்காரர் சம்பந்தப்பட்டிருக்கு. அவங்களுக்கு விதி தெரியாம இல்ல. நாள் சம்பளத்துக்கு நிக்கிற ஆளிட்ட "வயித்தால போகுதா?" எண்டு கேட்டா, "ஓம்" எண்ட பதிலுக்கு அவன் நாலு நாள் காசு குடுக்கோணும். அப்ப எல்லாரும் "இல்ல அண்ண" தான். பார்மசியில லொபரமைட் வாங்கிறதும் அதுக்குத்தான்.

இதில சட்டத்தில ஒரு வழி கிடக்கு, எங்கட பக்கம் பெரிசா ஆரும் பாவிக்கிறதில்ல. 1954 ஆம் ஆண்டின்ட கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில வருசத்துக்கு ஏழு நாள் சம்பளத்தோட அமய லீவு இருக்கு, சொந்த அலுவலுக்கும் சுகவீனத்துக்கும் எடுக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருசத்தில ரெண்டு மாசம் முடிய ஒரு நாள் எண்ட கணக்கு. தம்பி சேர்ந்து எட்டு மாசம், அப்ப நாலு நாள். அவன் வராம நிண்டது திங்கள், செவ்வாய், புதன், வியாழன், சரியா நாலு நாள். முதலாளிட்ட கணக்குக் கொப்பியைக் காட்டினன், ரெண்டு தரம் பாத்தார், பிறகு "சரி, போடு" எண்டார்.

அக்காவுக்கு மூண்டு வருசம், ஏழு நாளில ரெண்டு நாள்தான் மிச்சம். அவங்கட கடைசிச் சத்தி புதன் மத்தியானம், ஆனா இளக்கம் வெள்ளி காலம்புற ஆறு வரைக்கும் இருந்தது, அப்ப ஞாயிறு காலம்புற ஆறு மணி. புதன், வியாழன், வெள்ளி, சனி எண்டு நாலு நாள் வேணும், ரெண்டு நாள் குறையுது. அந்த ரெண்டு நாளையும் வருடாந்த லீவில கழிச்சம். இப்ப கொப்பியில ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில ஒரு கோடு கூட இருக்கு, "கடைசியாப் போன நேரம்" எண்டு, மணியோட.